ஓடுவோரின் காலடி வீதமும் காயங்களும்

ஓட்டப் பயிற்சி நடைபெறும் மைதானங்களில் இப்பொழுது ஓர் எண் அடிக்கடி காதில் விழுகிறது. நிமிடத்திற்கு 180 காலடி வைத்து ஓடவேண்டும் என்றும், அவ்வாறு ஓடுபவருக்கு முழங்கால் வலியோ கீழ்க்கால் வலியோ வருவதில்லை என்றும் பலர் கூறுகின்றனர். மணிக்கட்டில் அணியும் கடிகாரங்களே இந்த எண்ணைக் காட்டிவிடுவதால், தமக்கு 158 அல்லது 162 என்று வரக் காண்பவர் தம் ஓட்டத்தில் ஏதோ பெருங்குறை இருப்பதாக எண்ணிக் கவலையுறுகின்றனர். மாணவர்களுக்கு ஓட்டம் கற்பிக்கும் ஆசிரியரிடமும், உடற்தகுதித் தேர்வுக்கு இளைஞர்களைத் தயார் செய்யும் களப் பணியாளரிடமும் இந்தக் கேள்வி வந்து சேர்வது இயல்பே. இதற்கு விடை கூறுமுன், அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிதல் நலம்.

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றபோது, அமெரிக்கப் பயிற்சியாளரும் உடலியல் அறிஞருமான ஜாக் டானியல்ஸ் தம் மனைவியாருடன் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, ஓட்ட வீரர்களின் காலடிகளைக் கண்ணால் எண்ணிக் குறித்துக்கொண்டார். அவர் கணக்கெடுத்த 46 பேரில் ஒருவர் மட்டுமே நிமிடத்திற்கு 180-க்குக் குறைவான காலடிகள் வைத்தார். அவர் சொன்னது இவ்வளவே. உலகின் தலைசிறந்த வீரர்கள் பந்தய வேகத்தில் ஓடும்பொழுது 180-க்கும் மேற்பட்ட காலடிகள் வைக்கின்றனர் என்னும் இந்தச் செய்தி, நாளடைவில், எவரும் எந்த வேகத்திலும் 180 காலடியே வைத்தல் வேண்டும் என்னும் விதியாகத் திரிந்துவிட்டது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எளிய கணக்கு ஒன்றே காட்டிவிடும். ஓட்டத்தின் வேகம் என்பது காலடி வீதத்தைக் காலடியின் நீளத்தால் பெருக்கிய தொகையே ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வீரர் நிமிடத்தில் 333 மீட்டர் கடக்கிறார். அவர் 180 காலடி வைத்தால் ஒவ்வொரு காலடியும் 1 மீட்டர் 85 சென்டிமீட்டர் நீளம் கொண்டதாகும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக ஓடுபவர் நிமிடத்தில் 133 மீட்டரே கடக்கிறார். அவரும் 180 காலடி வைக்க வேண்டுமானால், ஒவ்வொரு காலடியும் 74 சென்டிமீட்டராகக் குறுகிவிடும். இது நடக்கும்பொழுது வைக்கும் அடியின் அளவேயாகும். வேகம் கூடும்பொழுது காலடியின் நீளமும் வீதமும் சேர்ந்தே கூடுவது மனித உடலின் இயல்பு. ஆகவே வேகத்தைச் சொல்லாமல் காலடி வீதத்தை மட்டும் சொல்வது, தூரத்தைச் சொல்லாமல் பயண நேரத்தை மட்டும் சொல்வது போன்றதாகும்.

சிறந்த வீரர்களுக்குள்ளும் இந்த எண் ஒன்றாயிருப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு நடைபெற்ற 100 கிலோமீட்டர் உலகப் போட்டியில் முன்னணியில் ஓடியவர்களின் காலடிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அவர்களுடைய சராசரி 182 என்று காணப்பட்டது. ஆனால் தனித்தனியே நோக்குங்கால், ஒருவர் ஏறக்குறைய 155 காலடியும் இன்னொருவர் 203 காலடியும் வைத்து ஓடினர் என்பது தெரியவந்தது. இருவருமே உலகத் தரமுடைய வீரர்கள். சராசரி எண்ணை எல்லோருக்கும் உரிய இலக்காகக் கொள்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்கே சொற்குழப்பம் ஒன்றையும் நீக்கிவிட வேண்டும். ஒரு கால் தரையில் ஊன்றுவதிலிருந்து மற்றக் கால் ஊன்றுவது வரை உள்ளது ஒரு காலடி. ஒரே கால் மறுபடியும் ஊன்றுவது வரை உள்ளது இரட்டைக் காலடி. சில நூல்கள் இரட்டைக் காலடியையே கணக்கிடுவதால் அவற்றில் 180 என்பது 90 என்று காணப்படும். இக்கட்டுரையில் கூறப்படுவன யாவும் ஒற்றைக் காலடிகளே.

180 என்னும் எண்ணை விலக்கிவிட்டாலும், அதற்குப் பின்னே நிற்கும் உண்மையான கேள்வி விலகுவதில்லை. ஒருவர் தம் வேகத்தை மாற்றாமலே, இப்பொழுது வைப்பதைவிடச் சற்று விரைவாகவும் சிறியனவாகவும் காலடி வைத்தால் அவருடைய மூட்டுகளின் மீது விழும் சுமை குறையுமா என்பதே அக்கேள்வி. இதற்குத் தெளிவான விடை தந்தது, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரயன் ஹைடர்ஷைட் என்பாரும் அவருடைய குழுவினரும் செய்து 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. போட்டியை நோக்கமாகக் கொள்ளாது பொழுதுபோக்காக ஓடும் உடல்நலமுள்ள 45 பேரை அவர்கள் டிரெட்மில் எனப்படும் ஓடுபட்டை இயந்திரத்தின் மீது ஓடச் செய்தனர். ஒவ்வொருவரும் தமக்கு உகந்த வேகத்திலேயே ஓடினர். வேகம் மாறாதிருக்க, தாள ஒலிக்கேற்பக் காலடி வீதம் மட்டும் 5 சதவீதமும் 10 சதவீதமும் கூட்டியும் குறைத்தும் சோதிக்கப்பட்டது.

கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடலின் எடையைத் தாங்கி நிறுத்துவதற்காக முழங்கால் ஒரு வில்லைப்போல் மடங்கி ஆற்றலை உட்கொள்ளுகிறது. காலடி வீதத்தை 5 சதவீதம் மட்டும் கூட்டியபொழுது, ஒவ்வொரு காலடியிலும் முழங்கால் இவ்வாறு உட்கொள்ளும் ஆற்றல் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. 10 சதவீதம் கூட்டியபொழுது 34 சதவீதம் குறைந்தது. இடுப்பு மூட்டின் மீதுள்ள சுமையும் குறைந்தது; ஆனால் அது தெளிவாகப் புலப்பட்டது 10 சதவீதம் கூட்டியபோதுதான். சிறிய மாற்றத்திற்கு இவ்வளவு பெரிய பயன் கிடைப்பது வியப்பாகத் தோன்றலாம். அதற்குரிய காரணம் பள்ளிப் பௌதிகத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளத் தக்கது.

முதலாவது காரணம் பாதம் ஊன்றும் இடம். நீண்ட காலடி வைப்பவரின் பாதம் உடலுக்கு வெகு முன்னே சென்று விழுகிறது. அப்பொழுது முழங்கால் பெரும்பாலும் நீட்டிய நிலையில் இருக்கும். கணுக்கால் முழங்காலுக்கு முன்னே நிற்கும். தரை அப்பாதத்தைப் பின்னோக்கித் தள்ளும். இது வண்டியின் தடையை ஒவ்வோர் அடியிலும் அழுத்துவதற்கு ஒப்பாகும். காலடி குறுகும்பொழுது பாதம் உடலுக்கு அருகில் விழுகிறது, முழங்கால் சற்று மடங்கிய நிலையில் ஊன்றுகிறது, தடைவிசையும் குறைகிறது.

இரண்டாவது காரணம் உயரம். ஓடுபவர் ஒவ்வொரு காலடிக்கும் இடையே சிறிது நேரம் இரு பாதமும் தரையில் படாமல் காற்றில் இருக்கிறார். மேலெறிந்த பந்தைப் போலவே அவருடைய உடலும் எழுந்து விழுகிறது. எழும் உயரம் காற்றில் இருக்கும் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. புவியீர்ப்பு முடுக்கத்தை அந்நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் உயரம் கிடைக்கும். காற்றில் இருக்கும் நேரம் ஒரு விநாடியில் நூற்றில் 12 பங்காயின் உயரம் சுமார் 1.8 சென்டிமீட்டர், அது நூற்றில் 10 பங்காகக் குறைந்தால் உயரம் சுமார் 1.2 சென்டிமீட்டர். நேரம் ஆறில் ஒரு பங்கே குறைய, விழும் உயரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. (தரையில் ஊன்றியிருக்கும்போது உடல் தாழ்ந்து எழுவது இக்கணக்கில் சேராது.) விழும் உயரம் குறைந்தால் தாங்கவேண்டிய தாக்குதலும் குறையும் என்பதை வகுப்பில் விளக்கவேண்டியதில்லை, மாணவர்களே சொல்லிவிடுவர்.

இவ்விடத்தில் கூர்மையான வாசகர் ஒரு தடை எழுப்பக்கூடும். ஒவ்வொரு காலடியிலும் சுமை குறைவது உண்மையாயினும், காலடிகளின் எண்ணிக்கை கூடுகிறதே. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிவிடுவது ஆகாதா? இது நியாயமான கேள்வி. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஓர் ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள், 5 கிலோமீட்டர் தூரத்தை 30 நிமிடத்தில் ஓடுகிறார் என்று கொள்வோம். அவருடைய வலப் பாதம் 30 விநாடியில் 39 முறை தரையில் ஊன்றுகிறது. இதை 4-ஆல் பெருக்கினால் நிமிடத்திற்கு 156 காலடி. நிமிடத்தில் அவர் கடப்பது 166.7 மீட்டர் ஆதலால் ஒரு காலடியின் நீளம் 1 மீட்டர் 7 சென்டிமீட்டர். முழு ஓட்டத்திற்கும் 4,680 காலடிகள். இப்பொழுது அவர் வீதத்தை 5 சதவீதம் கூட்டி 164 ஆக்குகிறார். காலடியின் நீளம் 1 மீட்டர் 2 சென்டிமீட்டராகிறது. அதாவது மூன்று விரற்கடை அளவே குறைகிறது. காலடிகளின் தொகை 4,920 ஆகிறது. 240 காலடிகள் அதிகம்.

முன்பு ஒவ்வொரு காலடியிலும் முழங்கால் உட்கொண்ட ஆற்றலை 100 என்று வைத்துக்கொண்டால், விஸ்கான்சின் ஆராய்ச்சியின்படி அது இப்பொழுது 80. காலடிகள் 100-க்கு 105 ஆகக் கூடியுள்ளன. 80-ஐ 1.05-ஆல் பெருக்க 84 வருகிறது. ஆக, மொத்தத்திலும் 16 சதவீதம் குறைவே. ஆனால் எல்லா அளவைகளும் இவ்வளவு தாராளமாகக் குறைவதில்லை. முழங்காற்சில்லின் அடியில் அழுத்தும் விசையின் உச்சத்தை 2014-இல் கணக்கிட்ட மற்றோர் ஆராய்ச்சி, வீதத்தை 10 சதவீதம் கூட்டியபோது அது 14 சதவீதமே குறைவதாகக் கூறியது. 86-ஐ 1.10-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 95. மொத்தத்தில் 5 சதவீதமே இலாபம். எந்த அளவையை நம்புவது என்பது எந்தத் திசு நோகிறது என்பதைப் பொறுத்தது. எலும்பைப் பொறுத்தவரை, காலடிகளின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு காலடியிலும் உண்டாகும் விசையின் உச்சமே பெருங்கேடு செய்வது. கம்பி ஒன்றை மெல்ல ஆயிரம் முறை வளைப்பதைவிடப் பலமாக நூறு முறை வளைத்தால் அது விரைவில் ஒடிவதை ஒத்தது இது. இந்த அடிப்படையில் 2009-இல் செய்யப்பட்ட ஒரு கணித ஆய்வு, காலடியின் நீளத்தை 10 சதவீதம் குறைத்தால், கூடுதலான காலடிகளைக் கணக்கில் சேர்த்த பின்னரும், கீழ்க்கால் எலும்பில் களைப்பு முறிவு நேரும் வாய்ப்பு 3 முதல் 6 சதவீதம் வரை குறையும் என்று மதிப்பிட்டது.

இதுவரை கூறியன யாவும் சுமையைப் பற்றியவை. சுமை குறைந்தால் காயமும் குறைந்தே தீரும் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அங்கேதான் பெரும்பாலோர் வழுக்கிவிழுகின்றனர். காயம் குறைகிறதா என்பதை அறிய வேண்டுமானால், ஓடுபவர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்து, யாருக்குக் காயம் நேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

அவ்வாறு எண்ணிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2016-இல் வெளிவந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நெடுந்தூரம் ஓடும் 68 மாணவ மாணவியரை மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடச் செய்து காலடி வீதத்தை அளந்து, பின்னர் அப்பருவம் முழுவதும் கவனித்தனர். நிமிடத்திற்கு 164 அல்லது அதற்கும் குறைவாகக் காலடி வைத்தவர்களுக்கு, 174-க்கு மேல் வைத்தவர்களைவிடக் கீழ்க்காலின் முன்புறக் காயம் நேரும் சாத்தியம் பன்மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஆசிரியர்களுக்கு இது முக்கியமான செய்தி. எனினும் இது ஓர் உடனிகழ்ச்சியையே காட்டுகிறது. மெதுவாகக் காலடி வைத்தவர்களை விரைவாக வைக்கச் செய்தால் காயம் குறைந்திருக்குமா என்பதை இது சோதிக்கவில்லை. பயிற்சியிற் குறைந்த மாணவருக்குக் காலடி வீதமும் குறைவாக இருக்கலாம், எலும்பும் பதப்படாதிருக்கலாம். இரண்டுக்கும் காரணம் வேறொன்றாயும் இருக்கலாம்.

மாற்றிப் பார்த்த சோதனைகளுள் முதன்மையானது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எஸ்குலியே என்பவர் தலைமையில் நடந்து 2018-இல் வெளியானது. முழங்காற்சில்லைச் சுற்றி வலியுள்ள 69 ஓட்டக்காரர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். முதற்குழுவினருக்கு, வலிக்கேற்ப ஓட்டத்தின் அளவைக் குறைத்துப் படிப்படியாகக் கூட்டும் முறை மட்டுமே கற்பிக்கப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு அதனுடன் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும், மூன்றாம் குழுவினருக்கு அதனுடன் காலடி வீதத்தைக் கூட்டி மென்மையாக ஊன்றும் பயிற்சியும் தரப்பட்டன. எட்டு வாரத்திலும் இருபது வாரத்திலும் சோதித்தபோது மூன்று குழுவினரும் ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். இதில் வியப்பு யாதெனில், மூன்றாம் குழுவினரின் ஓட்டத்தில் தரைத் தாக்குதல் உண்மையாகவே குறைந்திருந்தது. சுமை குறைந்தும் வலி மற்றவர்களைவிட அதிகமாகக் குறையவில்லை. எவ்வளவு ஓடுகிறோம் என்பதைச் சீர்படுத்தியதே பெரும்பயனை விளைத்துவிட்டதால், எப்படி ஓடுகிறோம் என்பது கூட்டிக் காட்டுவதற்கு அதிகம் எஞ்சவில்லை போலும்.

வேறு திசையிலிருந்து ஒரு சான்றும் உண்டு. ஹாங்காங் ஆராய்ச்சியாளர் 2018-இல் வெளியிட்ட சோதனையில், புதிதாக ஓடத் தொடங்கிய 320 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம், திரையில் தம் தாக்குதலின் அளவைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஊன்றி ஓடப் பயிற்சி அளிக்கப்பட்டது. அடுத்த 12 மாதங்களில் அவர்களுள் 16 சதவீதத்தினரும், அப்பயிற்சி பெறாதவர்களுள் 38 சதவீதத்தினரும் காயமுற்றனர். இதைக் காலடி வீதத்தின் வெற்றி என்று எடுத்துக் கூறுவோர் உளர், அது சரியன்று. அங்கே கற்பித்தது மென்மையான ஊன்றலேயன்றி எந்த எண்ணுமன்று. மேலும், பயிற்சி பெற்றவர்களிடம் முழங்காற் காயங்கள் குறைந்தபோதிலும் கெண்டைக்கால் தசையிலும் குதிகால் நாணிலும் காயங்கள் அதிகம் காணப்பட்டன. சுமை மறைந்துவிடவில்லை, ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் பெயர்ந்தது. 2022-இல் இத்துறையின் ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி நோக்கிய தொகுப்பாய்வும், காலடி வீதத்தைக் கூட்டினால் காயம் குறையும் என்று கூறப் போதிய சான்று இல்லை என்றே கண்டது.

ஆகவே, வலியின்றி ஓடிவரும் ஒருவரின் காலடி வீதம் 158 என்பதற்காக மட்டும் அதை மாற்றச் சொல்வதற்கு ஆதாரமில்லை. அனுபவமுள்ள ஓட்டக்காரர் தாமாகத் தேர்ந்துகொள்ளும் காலடி, மூச்சுச் செலவைப் பொறுத்தமட்டில் தமக்கு மிகச் சிக்கனமான அளவுக்கு நெருங்கியே உள்ளது என்பது 1982-ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. அவ்வாறன்றி, முழங்காலின் முன்புறமோ கீழ்க்காலிலோ திரும்பத் திரும்ப வலி காண்பவரும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது கால் உடலுக்கு வெகு முன்னே நீண்டு, குதிகால் பலத்த ஓசையுடன் விழுபவரும், ஓட்டத்தின் அளவை முதலில் குறைத்துக்கொண்டு, அதனுடன் காலடியையும் சற்றுக் குறுக்கிப் பார்ப்பது பொருத்தமானது.

மேலே கூறிய ஆசிரியருக்கு முழங்காலில் வலி கண்டது என்றால் செய்யத்தக்கது இதுவே. பத்து நிமிடம் ஓடி உடல் சூடேறிய பின், சமதரையில், வழக்கமான வேகத்தில் காலடிகளை எண்ணவேண்டும். ஒரே நாள் கணக்கை நம்பாமல் மூன்று நாள் எண்ணிச் சராசரி காண்பது நன்று. 156 என்று வந்தால் இலக்கு 164; 180 அன்று. கைப்பேசியில் உள்ள தாளக் கருவியை நிமிடத்திற்கு 164 என்று வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் அதற்கேற்ப ஓடி, அடுத்த சில நிமிடம் தாளமின்றி ஓடலாம். சில வாரங்களில் தாளத்தோடு ஓடும் பகுதியைச் சிறிது சிறிதாக நீட்டலாம். இந்நாட்களில் ஓடும் தூரத்தைக் கூட்டலாகாது.

இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றுண்டு. காலடி விரைந்தவுடன் வேகமும் விரைந்துவிடுகிறது. காலடி குறுகாமல் வீதம் மட்டும் 164 ஆனால், 5 கிலோமீட்டர் 30 நிமிடத்திற்குப் பதிலாக 28½ நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பொழுது முழங்காலின் சுமை குறையாதது மட்டுமன்றிக் கூடவும் செய்யும். ஆதலால் அறிந்த தூரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து வருவது இன்றியமையாதது. ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஆகவேண்டியது 5 நிமிடம் 40 விநாடியில் முடிந்தால், அவர் காலடியைக் குறுக்கவில்லை, விரைவாக ஓடியிருக்கிறார் என்றே பொருள். முன்பாதத்தின் நுனியில் ஓடுவது மற்றொரு பிழை. காலடியைக் குறுக்கச் சொன்னால் சிலர் குதிகாலையே தரையில் படவிடாமல் ஓடத் தொடங்குகின்றனர். மறுநாட் காலையில் படுக்கையை விட்டு எழும்போது கெண்டைக்காலோ குதிகால் நாணோ விறைத்திருந்தால் அதுவே அடையாளம். அப்படிப்பட்டவர் பழைய ஓட்டத்திற்குத் திரும்பி, விறைப்பு நீங்கிய பின், முன்னிலும் சிறிய மாற்றத்துடன் தொடங்குவது தகும்.

பயிற்சி வேலை செய்கிறதா என்பதை எண்ணைக் கொண்டு அன்று, வலியைக் கொண்டே அளக்கவேண்டும். கியூபெக் சோதனையில் நோயாளிகளுக்குக் கூறப்பட்ட அளவுகோல் எளியது. ஓடும்பொழுது வலி பத்தில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும், ஓடி முடித்த ஒரு மணி நேரத்திற்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் அவ்வோட்டத்தைத் தொடரலாம். இன்றேல் தூரத்தையோ வேகத்தையோ குறைக்கவேண்டும். இது முழங்காற்சில்லின் வலிக்கு மட்டுமே பொருந்தும். கீழ்க்கால் எலும்பில் விரல் நுனியால் தொட்டுக்காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி நிலைத்து, அது நடக்கும்பொழுதும் இரவிலும் தொடருமாயின், அங்கே காலடியை மாற்றிப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. அது எலும்பின் களைப்பு முறிவாக இருக்கலாம். அம்மாணவரை அன்றே ஓட்டத்திலிருந்து நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.